வரவு செலவுத் திட்டமும் பாராளுமன்றமும்

அரச நிதியின் மீது முழுமையான கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கே உரியது என்று இலங்கை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை விதிக்கின்றது. திறைசேரியிலிருந்து ஒரு சதமேனும் வெளியேற வேண்டுமாயின், அதற்குச் சட்டத்தின் வழியான அங்கீகாரம் வேண்டும். ஆயினும், ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின் மீது நிகழும் நீண்ட விவாதத்தைப் பத்திரிகையில் படித்து வருவோர், அவ்விவாதத்தின் முடிவில் மதிப்பீடுகள் பெரும்பாலும் முதலில் அச்சிடப்பட்டவாறே நிறைவேறுவதையும் காண்கின்றனர். சட்டத்தில் முழுமையாக உள்ள அதிகாரம் நடைமுறையில் எங்கே செயற்படுகின்றது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், திட்டம் உருவாகும் முறையை நோக்குவோம். நமது நிதியாண்டு இன்று ஜனவரி முதலாந் திகதி தொடங்கி டிசம்பர் 31இல் முடிகின்றது. 1970களின் தொடக்கம் வரை அது அக்டோபரில் தொடங்கியது. ஆதலாற்றான் பழைய வரவு செலவுத் திட்ட உரைகள் ஜூலை மாதத்தில் நிகழ்ந்தன. ஆண்டின் நடுப்பகுதியில், திறைசேரியைச் சேர்ந்த தேசிய வரவு செலவுத் திட்டத் திணைக்களம் அமைச்சுகள் யாவற்றிடமும் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகளைக் கோருகின்றது. சம்பளம், மருந்து, எரிபொருள் முதலியன மீண்டெழும் செலவு. வீதி, கட்டடம், இயந்திரம் முதலியன மூலதனச் செலவு. அமைச்சுகள் கேட்பவற்றின் கூட்டுத்தொகை, திறைசேரி தரக்கூடியதை எப்பொழுதும் விஞ்சி நிற்கும். ஆதலின் பேரம் நிகழ்கின்றது. அப்பேரத்தின் முடிவை அமைச்சரவை அங்கீகரித்த பின்னரே ஒதுக்கீட்டுச் சட்டமூலம் வர்த்தமானியில் வெளியிடப்பட்டு, முதலாம் வாசிப்புக்காகப் பாராளுமன்றத்தில் வைக்கப்படுகின்றது. ஆகவே, சபையின் மேசைக்கு வரும்போதே பெரிய தீர்மானங்கள் யாவும் எடுக்கப்பட்டு விட்டன என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

நிதியமைச்சரின் வரவு செலவுத் திட்ட உரை இச்சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பாகும். அதன்பின் கொள்கை பற்றிய விவாதம் சில நாட்கள் நடந்து வாக்கெடுப்பில் முடிகின்றது. அடுத்து, சபை முழுவதுமே ஒரு குழுவாக அமர்ந்து ஒவ்வோர் அமைச்சின் செலவினத் தலைப்பையும் தனித்தனியே ஆராய்கின்றது. இதுவே குழுநிலை விவாதம். ஈற்றில் மூன்றாம் வாசிப்பு நிறைவேற, சபாநாயகர் சான்றுரை இட, சட்டமூலம் சட்டமாகின்றது.

குழுநிலையில் ஓர் உறுப்பினர் என்ன செய்யலாம்? உதாரணமாக, கீரிமலைக் கேணிக்குச் செல்லும் வீதியைத் திருத்த மேலும் ஐம்பது இலட்சம் ரூபா வேண்டும் என்று நமது பகுதி உறுப்பினர் ஒருவர் கருதுவதாகக் கொள்வோம். அத்தொகையைக் கூட்டுமாறு அவர் பிரேரணை கொண்டுவர இயலாது. பொது நிதியைச் செலவிடும் சட்டமூலத்தையோ பிரேரணையையோ அமைச்சர் ஒருவரே, அதுவும் அமைச்சரவையின் அங்கீகாரத்துடனேயே, கொண்டுவரலாம் என்று 152ஆம் உறுப்புரை தடுக்கின்றது. சோல்பரி அரசியலமைப்பிலும் இவ்விதி இருந்தது. காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினராய் விளங்கிய சா. ஜே. வே. செல்வநாயகம் அவர்களும் இதற்குக் கட்டுப்பட்டே சபையில் அமர்ந்திருந்தார். உறுப்பினருக்கு எஞ்சியிருப்பது குறைக்கும் உரிமையே. அமைச்சின் தலைப்பிலிருந்து பத்து ரூபாவைக் குறைக்குமாறு பிரேரித்துவிட்டு, அதனைச் சாட்டாகக் கொண்டு வீதியின் நிலையைப் பேசுவது மரபு. பத்து ரூபா குறைவதில் எவருக்கும் அக்கறையில்லை. அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டிவருகின்றதே, அதுதான் பயன்.

கூட்ட முடியாதாயினும், குறைக்கலாமே. நிராகரிக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். இங்கேதான் நுட்பம் உள்ளது. ஒதுக்கீட்டுச் சட்டமூலம் தோற்கடிக்கப்படின் அமைச்சரவை கலைந்துவிடும் என்று அரசியலமைப்பு கூறுகின்றது. ஆதலின் அரசாங்கத் தரப்பு உறுப்பினர் ஒருவர் அரிசி விலை பற்றியோ பள்ளிக்கூடக் கட்டடம் பற்றியோ மாறுபட்ட கருத்துடையவராயினும், எதிர்த்து வாக்களிப்பது தம் அரசாங்கத்தையே வீழ்த்துவதாகும். அழிக்கும் அதிகாரம் மிகப் பெரிதாய் இருப்பதனாலேயே திருத்தும் அதிகாரம் சபையிற் சிறுத்துப் போயிற்று எனலாம். எனவே திருத்தம் நிகழுமாயின், அது வாக்கெடுப்புக்கு முன்னரே, சபைக்கு வெளியே நிகழ்தல் வேண்டும். இதனை விளக்க நம் நாட்டு வரலாற்றிலேயே இரு நிகழ்ச்சிகள் உள்ளன. இரண்டும் கூப்பன் அரிசி பற்றியவை.

1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தையொட்டி, கொத்து ஒன்று 25 சதத்துக்கு விற்கப்பட்ட கூப்பன் அரிசியின் விலை 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. தபால், புகையிரதக் கட்டணங்களும் ஏறின. முந்திய ஆண்டுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 95 இடங்களில் 54ஐப் பெற்றிருந்தது. சபையில் அரசாங்கத்தின் பெரும்பான்மை அசையவில்லை. எதிர்க்கட்சியினர் ஆற்றிய உரைகள் எண்களை மாற்றவில்லை. ஆனால் ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் இறங்கியது, உயிர்கள் பலியாயின. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அவருக்குப் பின்வந்த அரசாங்கம் விலையை 55 சதமாகக் குறைத்தது. பாராளுமன்றத்துள் இடம்பெற்றிருக்க வேண்டிய திருத்தம் வீதியில் இடம்பெற்றது. அதற்கு நாடு கொடுத்த விலையும் பெரிது.

ஒன்பது ஆண்டுகளின் பின், 1962இல், அதே வினா மீண்டும் எழுந்தது. அப்பொழுது வாரந்தோறும் ஆளொன்றுக்கு இரண்டு கொத்து அரிசி மலிவு விலையிற் கிடைத்தது. நிதியமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க, வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியையும் மானியச் சுமையையும் எண்ணி, அதனை ஒன்றரைக் கொத்தாகக் குறைக்க முன்மொழிந்தார். இம்முறை எதிர்ப்பு வலுவாக எழுந்த இடம் அரசாங்கக் கட்சியின் பாராளுமன்றக் குழுவே. 1960 ஜூலைத் தேர்தலில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 151 இடங்களில் 75ஐயே வென்றிருந்தது. ஆகவே பின்வரிசை உறுப்பினர் சிலரின் மனக்கசப்பையும் அலட்சியஞ் செய்ய இயலாதிருந்தது. தத்தம் தொகுதிக்குத் திரும்பிச் சங்கக்கடை வாசலில் நிற்கும் மக்களுக்கு முகங்கொடுக்க வேண்டியவர்கள் அவர்களே. முன்மொழிவு கைவிடப்பட்டது, ஆகஸ்ட் மாதத்தில் நிதியமைச்சர் அப்பதவியிலிருந்து விலகினார். இரண்டு கொத்தும் தப்பியது. எந்த வாக்கெடுப்பும் தோற்கவில்லை. ஆயினும் மக்கட் பிரதிநிதிகள் ஒரு வரவு செலவுத் திட்டத்தின் மையக் கூற்றையே மாற்றிவிட்டனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிடுவோர் ஓர் உண்மையைக் காண்பர். சட்டவாக்க சபையின் செல்வாக்கு உரைகளின் நீளத்தைப் பொறுத்ததன்று. அரசாங்கத்தின் பெரும்பான்மை எவ்வளவு ஒடுங்கியது என்பதையும், அதன் சொந்த உறுப்பினர் எவ்வளவு துணிவுடன் மூடிய அறையில் பேசுகின்றனர் என்பதையும் பொறுத்தது. இவ்வழியில் ஒரு குறையும் உண்டு. மூடிய அறையில் நிகழும் திருத்தத்துக்குப் பதிவேடு இல்லை. மானியம் காப்பாற்றப்பட்டதேயன்றி, அதற்கு வேண்டிய பணம் எங்கிருந்து வரும் என்னும் வினா வெளிப்படையாக ஆராயப்படவில்லை.

இரண்டாவது செல்வாக்கு, காலத்தைப் பற்றியது. ஒதுக்கீட்டுச் சட்டத்தின் உயிர் ஓராண்டே. டிசம்பர் 31 நள்ளிரவு கடந்தால், புதிய அங்கீகாரமின்றிப் பெரும்பாலான செலவுகளுக்குப் பணம் வழங்க இயலாது. 2018 அக்டோபர் 26ஆந் திகதி ஜனாதிபதி பிரதமரை நீக்கி வேறொருவரை நியமித்தபோது, இவ்விதியின் வலிமை வெளிப்பட்டது. நவம்பர் 29ஆந் திகதி, பிரதமர் அலுவலகம் அரச பணத்தைச் செலவிடுவதை நிறுத்தும் பிரேரணையைப் பாராளுமன்றம் 123 வாக்குகளால் நிறைவேற்றியது. புதிதாக நியமிக்கப்பட்டவர்களிடம் 2019ஆம் ஆண்டுக்கான ஒதுக்கீட்டை நிறைவேற்றும் பெரும்பான்மையும் இல்லை. நீதிமன்றங்களின் கட்டளைகளும் சேர்ந்துகொள்ள, டிசம்பர் நடுப்பகுதியில் அந்நியமனம் முடிவுக்கு வந்தது. மீண்டும் அமைந்த அரசாங்கம் டிசம்பர் 21ஆந் திகதி, 2019இன் முதல் நான்கு மாதங்களுக்கு மட்டுமான இடைக்கால கணக்கறிக்கையை நிறைவேற்றிக்கொண்டது. முழுத் திட்டம் மார்ச் மாதத்திலேயே வந்தது.

மூன்றாவது செல்வாக்கு, பணம் செலவான பின்னர் தோன்றுகின்றது. கணக்காய்வாளர் தலைமையதிபதியின் அறிக்கைகளை அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு ஆராய்ந்து, அமைச்சின் செயலாளரையே அழைத்து விசாரிக்கின்றது. அரச கூட்டுத்தாபனங்களுக்கென 1979 முதல் வேறொரு குழுவும் உண்டு. இங்கே கட்சி வேறுபாடு சற்றுத் தளர்கின்றது. ஏனெனில் இங்கு நிகழும் விசாரணையால் அரசாங்கம் வீழ்வதில்லை. ஆனால் செலவான பணம் திரும்பி வருவது அரிது.

சபையின் பிடி தளரும் இடங்களையும் கூறாவிடின் இப்பாடம் முற்றுப்பெறாது. ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே, தேசிய வரவு செலவுத் திட்டத் திணைக்களத்தின் 240ஆம் தலைப்பின் கீழ், எந்த அமைச்சுக்கும் பின்னர் மாற்றிக் கொடுக்கத்தக்க பெருந்தொகை ஒன்று வைக்கப்படுகின்றது. அதிலிருந்து மாற்றப்பட்ட விபரம் பாராளுமன்றத்துக்கு அறிவிக்கப்படும். எனினும் அறிவிப்பு வருவது மாற்றத்தின் பின்னரேயாம். வரிகளின் நிலையும் இத்தகையதே. 2019 நவம்பர் இறுதியில் அமைச்சரவை எடுத்த தீர்மானத்தின்படி, பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக டிசம்பர் முதலாந் திகதியே குறைக்கப்பட்டது; சட்டத் திருத்தம் பின்னரே வந்தது. செலவை ஆராய நாட்கணக்கில் அமரும் சபை, வரவின் பெரும் பகுதி குன்றியதை முன்கூட்டியே விவாதிக்கவில்லை.

ஆதலின், நவம்பர் மாதப் பத்திரிகையைக் கையிலெடுக்கும் மாணவர், யார் எவரை எவ்வாறு சாடினர் என்பதோடு நின்றுவிடலாகாது. உரை நிகழ்ந்த நாளுக்கும் மூன்றாம் வாசிப்புக்கும் இடையில் கைவிடப்பட்ட முன்மொழிவு யாதாயினும் உண்டோ என்றும், 240ஆம் தலைப்பின் தொகை முந்திய ஆண்டிலும் கூடிற்றோ குறைந்ததோ என்றும், கடந்த ஆண்டுக் கணக்காய்வு அறிக்கையிற் சுட்டப்பட்ட அமைச்சுக்கு இவ்வாண்டு ஒதுக்கப்பட்டது எவ்வளவு என்றும் பார்த்தல் வேண்டும். இம்மூன்றும் அச்சிட்ட தாள்களிலேயே கிடைப்பன. அவற்றை ஒப்பிட்டு நோக்குபவருக்கு, 148ஆம் உறுப்புரை அவ்வாண்டில் எந்த அளவுக்கு உயிருடன் இருந்தது என்பது விளங்கும்.