இணைப்புப் பட்டியல் எழுதிவிட்டு வங்கிக்குப் போங்கள்

பெஹாலாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்று. அப்பா வேலைக்காகக் கல்கத்தா வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். டயமண்ட் ஹார்பர் ரோட்டில் உள்ள வங்கிக் கிளையில் அவர் பெயரில் ஒரு எஃப்.டி. இருக்கிறது, நாமினி போடவில்லை. இப்போது அவர் இல்லை. அம்மா பெஹாலாவில், மகள் சென்னையில், மகன் சிங்கப்பூரில். பெயருக்கு அப்பாவை ஆர். நடராஜன் என்று வைத்துக்கொள்வோம். அம்மா தாக்கல் செய்யும் விண்ணப்பம் ‘காகிதம் குறைவு’ என்று திரும்பி வராமல் இருக்கச் செய்ய வேண்டியவை இவை. பிற விண்ணப்பங்களுக்கும் இவற்றில் பாதி பொருந்தும்.

1. முதலில் எவ்வளவு காகிதம் தேவை என்று முடிவு செய்யுங்கள். நாமினி இருந்தால் கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று ஆகிய மூன்றும் போதும். நாமினி இல்லாவிட்டால்தான் பட்டியல் நீளும். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளின்படி, வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு எளிய நடைமுறை உண்டு (கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம்). கோரிக்கைப் படிவம், இறப்புச் சான்றிதழ், கோருபவரின் அடையாளச் சான்று ஆகியவற்றோடு அவருடைய ஈட்டுறுதிப் பத்திரம், பணம் வேண்டாம் என்று விலகும் வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவை தேவை. கூடவே வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அது இல்லையென்றால், குடும்பத்தை நன்றாக அறிந்த, ஆனால் உறவில்லாத ஒருவரின் உறுதிமொழியும் ஏற்கப்படும். வார்டு கவுன்சிலர் லெட்டர்பேடில் எழுதித் தரும் வாரிசுக் கடிதம் இதற்குச் செல்லும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கிளையில் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் பல வருடமாகப் பழகிய பக்கத்து வீட்டுக்காரரின் உறுதிமொழியே சுலபம்.

2. சுடுகாட்டில் கொடுக்கும் சீட்டு இறப்புச் சான்றிதழ் ஆகாது. சிரிட்டியில் தகனம் முடிந்ததும் கையில் வரும் காகிதம், டாக்டர் எழுதிக் கொடுத்த மரணக் காரணச் சான்று, மாநகராட்சி பதிவு செய்து தரும் இறப்புச் சான்றிதழ் என்று மூன்று இருக்கும். மூன்றிலும் பெயர், தேதி எல்லாம் இருப்பதால் துக்க வீட்டில் எதை எடுத்து வைத்தோம் என்றே தெரியாது. பதிவு எண்ணும் பதிவுத் தேதியும் எதில் இருக்கின்றனவோ அதுதான் வங்கிக்கு. மற்ற இரண்டையும் வீட்டிலேயே வையுங்கள். அவற்றையும் சேர்த்துச் செருகினால் அதிகாரிக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

3. யார் எந்த நகலில் கையெழுத்துப் போடுவது? அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். அம்மாவின் ஆதார் நகலில் அம்மா கையெழுத்திட வேண்டும், மகளின் ஆதார் நகலில் மகள்தான் கையெழுத்திட வேண்டும். மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை சகேர்பஜாரில் ஜெராக்ஸ் போட்டு, அதில் அம்மா கையெழுத்திட்டால் அது செல்ஃப் அட்டெஸ்டட் ஆகாது. மகள் சென்னையிலேயே அச்செடுத்துக் கையெழுத்திட்டு, மைக் கையெழுத்து உள்ள அந்தக் காகிதத்தையே தபாலில் அனுப்ப வேண்டும். இறந்தவரின் காகிதங்களுக்கு அவர் கையெழுத்துப் போட முடியாது அல்லவா? அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகலில் அம்மா ‘உண்மை நகல்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்து, முழுப் பெயர், ‘மனைவி’ என்ற உறவு, தேதி நான்கையும் போட வேண்டும். இந்த நான்கில் பெயரை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். வெறும் கிறுக்கலைப் பார்த்து யாருடையது என்று கிளர்க் எப்படிக் கண்டுபிடிப்பார்?

4. கையெழுத்து எழுத்துகள் மேல் விழக்கூடாது. எண், பெயர், புகைப்படம் ஆகியவற்றை விட்டு, கீழே வெற்றிடத்தில் போடுங்கள். நீல மை நல்லது, கறுப்பு என்றால் கையெழுத்தும் ஜெராக்ஸோ என்ற சந்தேகம் வரும். இரண்டு பக்கம் உள்ள ஆவணத்தில் இரண்டிலும் கையெழுத்து வேண்டும். ஆதாரில் முகவரி பின்பக்கம் இருக்கும். முன்பக்கம் மட்டும் நகலெடுத்தால் அடையாளச் சான்று உண்டு, முகவரிச் சான்று இல்லை என்று திருப்புவார்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரவிறக்கம் செய்து வையுங்கள். நகலின் ஓரத்தில் ‘இன்ன கணக்குக் கோரிக்கைக்கு மட்டும்’ என்று ஒரு வரி எழுதினால், அந்த நகலை வேறு எங்கும் பயன்படுத்துவது கடினம்.

5. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குச் செல்ஃப் அட்டெஸ்டேஷன் போதாமல் போகலாம். வங்கிகளைப் பொறுத்தவரை ‘சான்றிட்ட நகல்’ என்றால் அதிகாரி அசலோடு ஒப்பிட்டுப் பார்த்து, பார்த்ததாக நகலிலேயே குறித்தது. அம்மா நேரில் அசலோடு போகிறார், அவருக்கு அது அங்கேயே நடந்துவிடும். சிங்கப்பூர் மகனால் அப்படி வர முடியாது. அதனால் அவருடைய பாஸ்போர்ட் நகலை இந்திய ஹை கமிஷனிலோ, அங்குள்ள நோட்டரியிடமோ, இந்திய வங்கியின் வெளிநாட்டுக் கிளை அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கமும் முகவரி உள்ள கடைசிப் பக்கமும் இரண்டும் வேண்டும். அவருடைய ஆட்சேபணையின்மைக் கடிதத்தையும் அதே நாளில் அங்கேயே கையெழுத்திட்டுச் சான்று பெற்றுவிட்டால் ஒரு தபாலோடு முடியும்.

6. நம் பெயர்கள்தான் வங்காளத்து மேசையில் பெரிய சிக்கல். பாஸ்புக்கில் ஆர். நடராஜன், ஆதாரில் நடராஜன் ராமசாமி, இறப்புச் சான்றிதழில் நடராஜன் ஆர். நமக்கு ஒரே ஆள், அங்கே மூன்று பேர். மகளுக்கு இன்னும் சுவாரசியம்: கல்யாணத்துக்கு முன் என். மீனா, பிறகு கணவரின் இனிஷியலோடு எஸ். மீனா. குடும்பப் பெயரை வைத்தே உறவைக் கண்டுபிடிக்கும் ஊரில், ‘நடராஜன் மகள்’ எப்படி ‘எஸ்’ ஆனாள் என்று கேட்பார்கள், கேட்டே தீர்வார்கள்.

அப்பாவின் பெயருக்கு ஒரே நபர்தான் என்ற பிரமாணப் பத்திரத்தை அலிப்பூர் கோர்ட்டில் எடுக்கலாம். அதில் ‘பல பெயர்களில் அறியப்பட்டவர்’ என்று பொதுவாக எழுதாமல், ஒவ்வொரு ஆவணத்திலும் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். புள்ளி, இடைவெளி உட்பட. மகளுக்குத் திருமணப் பதிவுச் சான்றிதழே போதும். அது தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அதே இணைப்பில், அடுத்த பக்கமாக வையுங்கள். தனி எண் கொடுத்தால் பிரிந்து போகும்.

7. இப்போது பட்டியல். கவரிங் லெட்டரிலேயே கீழ்ப்பகுதியில், வரிசை எண், ஆவணம், யாருடையது, அசலா நகலா, எத்தனை பக்கம் என்று கட்டம் போட்டு எழுதுங்கள். படிவம் தனி, இணைப்புகள் தனி. நம் குடும்பத்துக்கு இப்படி வரும்:

இணைப்பு 1 – இறப்புச் சான்றிதழ், நகல், 1 பக்கம்
இணைப்பு 2 – அம்மாவின் ஆதார், நகல், 1
இணைப்பு 3 – அம்மாவின் பான் கார்டு, நகல், 1
இணைப்பு 4 – மகளின் ஆதார், நகல், 1
இணைப்பு 5 – மகனின் பாஸ்போர்ட், சான்றிட்ட நகல், 2
இணைப்பு 6 – மகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், அசல், 1
இணைப்பு 7 – மகனின் ஆட்சேபணையின்மைக் கடிதம், அசல், 1
இணைப்பு 8 – ஈட்டுறுதிப் பத்திரம், அசல், 2
இணைப்பு 9 – பக்கத்து வீட்டுக்காரரின் உறுதிமொழி, அசல், 1
இணைப்பு 10 – எஃப்.டி. ரசீது, அசல், 1
இணைப்பு 11 – பெயர் குறித்த பிரமாணப் பத்திரம், அசல், 2
இணைப்பு 12 – மகளின் திருமணச் சான்றிதழும் மொழிபெயர்ப்பும், நகல், 2
இணைப்பு 13 – அம்மாவின் கணக்குப் பாஸ்புக் முதல் பக்கம், நகல், 1

மொத்தம் 13 இணைப்புகள், 17 பக்கங்கள். ஆதாரின் இருபக்கமும் ஒரே தாளில் ஒரே பக்கமாக வருமாறு ஜெராக்ஸ்காரரிடம் சொல்லி எடுத்ததால் அதற்கு ‘1’. பட்டியலில் ‘ஐ.டி. புரூஃப்’ என்று எழுதவே எழுதாதீர்கள். யாருடையது, எந்த ஆவணம் என்பது அதில் இல்லை.

8. ஒவ்வொரு தாளிலும் வலது மேல் மூலையில் எண் போடுங்கள். ‘இணைப்பு 5, பக்கம் 1/2’ என்பது போல ஆங்கிலத்தில், பேனாவில். ஈட்டுறுதிப் பத்திரம், எஃப்.டி. ரசீது போன்ற அசல்களில் மட்டும் பென்சில். பட்டியல் இருந்தும் தாள்களில் எண் இல்லாவிட்டால், கட்டைவிரலால் கட்டைப் புரட்டும் கிளர்க் இரண்டாவது சுற்றில் ஏதோ குறைகிறது என்று சொல்லிவிடுவார். ஸ்டேப்ளர் வேண்டாம். ஜெராக்ஸ் எடுக்கவும் ஸ்கேன் செய்யவும் வங்கியில் பின்னைப் பிடுங்குவார்கள். மழைக்காலத்தில் அந்தப் பின் துருப்பிடித்துக் காகிதத்தையும் கறைப்படுத்தும். இடது மேல் மூலையில் ஒரு துளையிட்டு டேக் கோத்தால் பிரித்துப் பார்த்துவிட்டு அதே வரிசையில் கட்டலாம்.

9. கொடுத்தது எது, காட்டியது எது என்று பிரித்து வையுங்கள். ஈட்டுறுதிப் பத்திரமும் எஃப்.டி. ரசீதும் வங்கியிலேயே தங்கிவிடும், எனவே அவற்றின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும். இறப்புச் சான்றிதழின் அசல் காட்டிவிட்டுத் திரும்பி வர வேண்டியது. கடிதத்தில் ‘ஒப்பிட்டுப் பார்க்க அசல் காட்டப்பட்டு, திரும்பப் பெறப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்தால், எங்கள் அசல் உங்களிடம்தான் இருக்கிறது என்ற வாக்குவாதம் பின்னால் வராது.

10. கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். இரண்டாவது பிரதியில் கிளையின் சீல், தேதி, வாங்கியவரின் கையெழுத்து மூன்றையும் பட்டியலுக்கு நேராக வாங்குங்கள். ரிசர்வ் வங்கி விதி, தேவையான ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த நாளிலிருந்து 15 நாட்காட்டி நாட்களுக்குள் தீர்க்கச் சொல்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால், தாமதமான காலத்துக்கு வங்கி விகிதத்தோடு ஆண்டுக்கு 4 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். அந்த 15 நாள் எப்போது தொடங்கியது என்பதைச் சொல்லும் சாட்சி உங்களிடம் இருப்பது அந்தச் சீல் போட்ட பட்டியல் ஒன்றுதான். ‘வாங்கிக்கொண்டோம்’ என்று மொத்தமாகச் சொல்லும் ரசீதில் எந்த 17 பக்கம் என்பது இருக்காது.

11. குறை சொன்னால் வாயால் சொல்வதை நம்பி வீட்டுக்கு வராதீர்கள். என்ன குறைகிறது என்று அதே பிரதியின் பின்பக்கத்தில் எழுதித் தரக் கேளுங்கள். எழுதும்போது பாதிக் குறை மறைந்துவிடுவதும் உண்டு. தபாலில் அனுப்ப நேர்ந்தால், 2025இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது என்பதை நினைவில் வைத்து, டெலிவரிச் சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்.

12. கூடுதலாகக் கேட்ட காகிதத்தைத் தரும்போது எண்ணை மறுபடி 1இலிருந்து தொடங்காதீர்கள். துணைக் கடிதம் எழுதி, முதல் கடிதத்தின் தேதியையும் சீல் தேதியையும் குறிப்பிட்டு, ‘இணைப்பு 14’ என்று போடுங்கள். பழைய 13 இணைப்புகளும் ஏற்கெனவே உங்களிடம் உள்ளன என்று ஒரு வரி சேருங்கள். அந்தக் கடிதத்தின் இரண்டாம் பிரதியிலும் சீல் வாங்கி, முதல் பிரதியோடு அதே டேக்கில் கோத்து வையுங்கள்.