கோடும் தளமும்: கடைசி நிரை சொல்லும் செய்தி

பன்னிரண்டாம் வகுப்பில் கோடும் தளமும் வெட்டும் புள்ளியைக் காணும்போது, மாணவர்கள் கோட்டின் புள்ளியை t என்ற துணையலகில் எழுதித் தளத்தின் சமன்பாட்டில் பிரதியிடுகிறார்கள். t-இன் மதிப்பு கிடைத்துவிட்டால் சிக்கல் இல்லை. t நீங்கி 0 = 5 என்று வந்தால், கணக்குப் பிழை என்று எண்ணி அடித்துவிடுகிறார்கள். உண்மையில் அதுவே விடை. அணிகள் பாடத்தில் கற்ற நீக்கல் முறையை இங்கே கொண்டுவந்தால் இது தெளிவாகும்.

(x − 1)/2 = (y − 2)/1 = (z + 1)/3 என்ற கோட்டை எடுத்துக்கொள்வோம். இதில் இரண்டு சமன்பாடுகள் அடங்கியுள்ளன:

x − 2y = −3
3y − z = 7

முதலாவதில் z இல்லாததால் அதைக் கோடு என்றே மாணவர்கள் கருதுவர். முப்பரிமாணத்தில் அது z அச்சுக்கு இணையான தளம் என்பதை முதலில் உணர்த்த வேண்டும். ஆக, ஒரு கோடு என்பது இரு தளங்கள் சந்திக்கும் இடம். மூன்றாவது தளத்தைச் சேர்த்தால் மூன்று மாறிகளில் மூன்று சமன்பாடுகள் கிடைக்கும்.

மூன்றாவது தளம் x + y + z = 14 எனில், அதிலிருந்து முதல் சமன்பாட்டைக் கழிக்க 3y + z = 17. அதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க 2z = 10. எனவே z = 5, y = 4, x = 5. வெட்டும் புள்ளி (5, 4, 5).

தளத்தை x + y − z = 9 என மாற்றுவோம். அதே இரு படிகளில் முதலில் 3y − z = 12, பிறகு 0 = 5 வரும். தீர்வு இல்லை, கோடு தளத்துக்கு இணையாக, அதைத் தொடாமல் செல்கிறது. x + y − z = 4 எனில் 0 = 0 வரும். மூன்றாவது சமன்பாடு புதிதாக எதுவும் சொல்லவில்லை. கோடு முழுவதும் தளத்திலேயே உள்ளது.

பிழையா, விடையா என்று சரிபார்க்க ஒரு வழி உண்டு. கோட்டின் திசை (2, 1, 3), தளத்தின் செங்குத்து வெக்டர் (1, 1, −1). இவற்றின் புள்ளிப்பெருக்கம் 2 + 1 − 3 = 0. பூச்சியம் வந்தால் t நீங்குவது சரியே. பூச்சியம் வராமல் t நீங்கினால்தான் கணக்கில் பிழை.

இரு தளங்கள் வெட்டும் கோட்டைக் கேட்டால் மூன்றாவது சமன்பாடு இருக்காது. ஒரு மாறி கட்டற்று நிற்கும். மேற்கண்ட முதல் இரு சமன்பாடுகளில் y = t என்றால் x = 2t − 3, z = 3t − 7. இதன்படி கோடு (−3, 0, −7) வழியே செல்கிறது. நாம் தொடங்கிய கோட்டிலோ புள்ளி (1, 2, −1). t = 2 எனப் பிரதியிட்டால் அதே புள்ளி வந்துவிடும். எனவே விடைத்தாள் திருத்தும்போது, விடைக்குறிப்பிலுள்ள புள்ளி இல்லை என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. திசை விகிதங்கள் ஒத்துள்ளனவா, மாணவர் எழுதிய புள்ளி இரு தளங்களையும் நிறைவு செய்கிறதா என்று பார்த்தால் போதும்.