காளான் கொட்டகை மீட்டரை உப்பு வைத்துச் சோதிப்போம்

இண்டூரில் எங்கள் சிப்பிக் காளான் கொட்டகையில் ஈரப்பதத்துக்கு ஒரு சென்சார், கரியமில வாயுவுக்கு ஒரு சென்சார் மாட்டி மூன்று வருடம் ஆகிறது. போன கோடையில் காளான் காம்பு நீண்டு, குடை சிறுத்து, ஓரம் காய்ந்து வந்தது. மீட்டரோ ஈரப்பதம் 85 சதம், வாயு 800 பிபிஎம் என்று நல்ல பிள்ளையாகக் காட்டியது. வித்து சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். தப்பு மீட்டரில் இருந்தது.

ஈரப்பத சென்சாருக்குள் ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய படலம் இருக்கிறது. எப்போதும் 80 சதத்துக்கு மேலேயே கிடந்தால், காளான் வித்துத்தூளும் படிந்தால், அதன் கணக்கு மெதுவாக விலகும். தினமும் பார்க்கிற நமக்கு அது தெரியவே தெரியாது.

இதற்குச் சோதனை நம்ம அடுப்படியிலேயே இருக்கிறது. சென்சாரைக் கழற்றி ஒரு நாள் நிழலில் உலர விடுங்கள். சின்ன மூடியில் தூள் உப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரையக் கூடாது. கல் உப்பு வேண்டாம். அதில் உள்ள மெக்னீசியம் அளவைக் குறைத்துவிடும். உப்பையும் சென்சாரையும் ஒன்றையொன்று தொடாமல் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெயில் படாத அறையில் இரவு முழுக்க விடுங்கள். ஒயர் போகும் துளையை மெழுகால் அடையுங்கள். டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதத்தில் நிற்கும். நம்ம ஊர் வெயில் குளிருக்கு இது பெரிதாக மாறாது.

என்னுடையது 82 காட்டியது. ஏழு கூடுதல். அப்படியானால் கொட்டகையில் 85 என்றது உண்மையில் 78 வாக்கில்தான். ஓரம் காய்ந்த காரணம் புரிந்தது.

வாயு சென்சாரின் கதை வேறு. பல மாடல்களில் தானே திருத்திக்கொள்ளும் வசதி உண்டு. பல நாளில் பார்த்த மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எண்ணி 400 ஆக வைத்துக்கொள்ளும். வீட்டு அறைக்கு அது சரி. காளான் மூச்சு விடும் மூடிய கொட்டகை ஒருநாளும் வெளிக்காற்று அளவுக்கு இறங்காது. அதனால் மீட்டர் குறைத்தே சொல்லும். முற்பகலில், காற்றோட்டமான வெட்டவெளியில், நம் மூச்சு படாமல் அரை மணி வைத்தேன். சுமார் 420 காட்ட வேண்டியது 130 காட்டியது. 290 குறைவு. கொட்டகையில் 800 என்றது ஏறக்குறைய 1,100. காம்பு நீளாமல் என்ன செய்யும்?

அந்த வசதியை அணைத்துவிட்டு, வெளிக்காற்றில் வைத்துக் கையால் திருத்தினேன்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, படுக்கை மாற்றும் இடைவெளியில், இரண்டையும் சோதித்து, தேதி, காட்டிய அளவு, வித்தியாசம் மூன்றையும் நோட்டில் எழுதுகிறேன். வித்தியாசம் ஒரே அளவில் நின்றால் அதைக் கழித்துக்கொள்ளலாம். உப்புச் சோதனை 75 வாக்கில் மட்டுமே பார்ப்பதால் 90-க்கு மேல் அந்தக் கழிவை முழுதாக நம்பக் கூடாது. ஒவ்வொரு முறையும் வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் சென்சாரை மாற்றிவிட வேண்டியதுதான்.