வாடகை வீட்டை விட்டுப் புறப்படும்போது தண்ணீர்க் கட்டணம்

வாடகை வீடுகளில் தண்ணீர் இணைப்பு பெரும்பாலும் உரிமையாளரின் பெயரிலேயே இருக்கும். "அடுத்த பில் வரட்டும், கழித்துவிட்டு முற்பணத்தைத் தருகிறேன்" என்று அவர் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அந்தப் பில்லில் உங்களுக்குப் பின் குடிவந்தவர்கள் பாவித்த தண்ணீரும் சேர்ந்திருக்கும். பாவனை கூடும்போது அலகின் விலையும் கூடுவதால், அவர்களுடைய பாவனை உங்கள் பங்கையும் ஏற்றிவிடும்.

புறப்படும் நாளிலேயே உரிமையாளருடன் சேர்ந்து மானியைப் பாருங்கள். கறுப்பு இலக்கங்களே அலகுகள். ஓர் அலகு 1000 லீற்றர். சிவப்பு இலக்கங்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

உதாரணமாக, 5ஆம் திகதி வந்த கடைசிப் பில்லில் மானி 412. நீங்கள் 17ஆம் திகதி புறப்படும்போது 420. பாவித்தது 8 அலகுகள். அலகுக்கு 60 ரூபாய் என்று வைத்தால் 480 ரூபாய். மாத நிலையான கட்டணம் 300 ரூபாய் என்றால், 12 நாட்களுக்கு 120 ரூபாய் மட்டுமே. மொத்தம் 600 ரூபாய். முற்பணம் 5000 ரூபாயாக இருந்தால், 4400 ரூபாய் திரும்பக் கிடைக்க வேண்டும். இவை விளக்கத்துக்கான விலைகள். உண்மையான விலைகளையும் பழைய நிலுவையையும் கடைசிப் பில்லில் பாருங்கள்.

எல்லாக் குழாய்களையும் பூட்டிய பின்னும் மானி சுழன்றால், எங்கோ ஒழுக்கு இருக்கிறது. அதை உரிமையாளருக்கு அப்போதே காட்டுங்கள்.

திகதி, மானி இலக்கம், கழித்த தொகை, பெற்ற தொகை ஆகியவற்றை இரண்டு தாள்களில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஒன்றை உங்களுடன் கொண்டுசெல்லுங்கள்.