பத்து மில்லி ஓமில் ஓர் அம்மீட்டர்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் கால்வனாமீட்டரை அம்மீட்டராக மாற்றும் பகுதியில் இணைத்தட மின்தடையைக் கற்பிக்கிறோம். கால்வனாமீட்டர் இல்லாமலும் அந்தச் சிறிய மின்தடை நமக்குப் பயன்படும். மதிப்பு தெரிந்த மிகச் சிறிய மின்தடை ஒன்றைச் சுற்றில் தொடராக இணைத்து, அதன் முனைகளுக்கிடையேயான மின்னழுத்த வேறுபாட்டை அளந்தால், ஓம் விதிப்படி மின்னோட்டம் கிடைத்துவிடும். இதையும் ஷன்ட் என்றே சொல்கிறார்கள்.

எங்கள் அறிவியல் மன்ற மாணவர்கள் 12 வோல்ட் மோட்டாரில் ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்தார்கள். அது எடுக்கும் மின்னோட்டத்தை அர்டுயினோ பலகையில் பதிவு செய்ய இம்முறையைத் தேர்ந்தெடுத்தோம். வண்டி ஓடும்போது மோட்டார் 5 ஆம்பியர் வரை எடுக்கும். சக்கரத்தைச் சுழலவிடாமல் பிடித்தால் 15 ஆம்பியர் வரை போகும். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டுதான் மற்ற அனைத்தையும் முடிவு செய்தோம்.

ஷன்டை எங்கே வைப்பது?

மோட்டாரின் எதிர்முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையில் வைத்தோம். அங்கே ஷன்டின் இரு முனைகளும் பூஜ்ஜிய வோல்ட்டுக்கு மிக அருகிலேயே இருக்கும். ஆகவே 5 வோல்ட்டில் இயங்கும் விலை குறைந்த பெருக்கியே போதும். நேர்முனைப் பக்கம் வைத்தால் அந்தப் பெருக்கியின் உள்ளீட்டில் 12 வோல்ட் ஏறி அது சரியாக வேலை செய்யாது.

இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மோட்டாரின் மின்னோட்டம் முழுவதும் ஷன்ட் வழியாகவே பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். மோட்டாரின் எதிர்முனை வண்டியின் உலோகச் சட்டத்தில் பட்டு, சட்டம் பேட்டரியின் எதிர்முனையோடும் தொடர்பில் இருந்தால், மின்னோட்டத்தின் பெரும்பகுதி ஷன்டைத் தவிர்த்துச் சென்றுவிடும். மோட்டார் நன்றாக ஓடியும் அளவு மிகக் குறைவாக வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கார், இருசக்கர வாகனங்களில் உடலே எதிர்முனையாக இருப்பதால் அங்கே இம்முறை எளிதில் பொருந்தாது.

எவ்வளவு மின்தடை, எத்தனை வாட்?

மாணவர்கள் முதலில் 0.1 ஓம் போடலாம் என்றார்கள். பத்தாம் வகுப்பில் படித்த ஜூல் வெப்ப விதியைக் கொண்டு கணக்கிடச் சொன்னேன். P = I²R. 5 ஆம்பியருக்கு 2.5 வாட். 15 ஆம்பியருக்கு 22.5 வாட். அது சிறிய சால்டரிங் அயர்னின் வெப்பம்!

அதனால் 0.01 ஓம், அதாவது 10 மில்லி ஓம் எடுத்தோம். 5 ஆம்பியருக்கு 0.25 வாட்தான். ஆனால் கால் வாட் மின்தடையாக்கி போதும் என்று எண்ணிவிடக் கூடாது. சக்கரம் சிக்கிக்கொண்டால் 15 ஆம்பியர் பாயும். அப்போது 2.25 வாட். மின்தடையாக்கியின் வாட் அளவை வழக்கமான மின்னோட்டத்துக்கு அல்லாமல், நேரக்கூடிய மிகப்பெரிய மின்னோட்டத்துக்கே தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் 5 வாட் வாங்கினோம். தாராளமான வாட் அளவில் இன்னொரு பயனும் உண்டு. ஷன்ட் அதிகம் சூடாகாததால் அதன் மின்தடை மாறாமல் இருக்கும். செம்புக் கம்பியையே ஷன்டாக ஏன் பயன்படுத்தக் கூடாது என்பதும் இதனால்தான். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் உயரும். ஷன்டுகளை மாங்கனின் போன்ற கலப்புலோகத்தில் செய்வது இதைத் தவிர்க்கவே.

நான்கு கம்பிகள் ஏன்?

ஷன்ட் சிறியதாகும்போது வெப்பம் குறைகிறது. ஆனால் இதுவரை நாம் பொருட்படுத்தாத இணைப்புக் கம்பியின் மின்தடை இப்போது பெரிதாகத் தெரியும். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 17 மில்லி ஓம். அப்படியானால் 10 சென்டிமீட்டர் கம்பிக்கு 1.7 மில்லி ஓம். 10 மில்லி ஓம் ஷன்டில் இது 17 சதவீதப் பிழை.

இதை வகுப்பிலேயே காட்டலாம். பெருக்கி தேவையில்லை. மல்டிமீட்டரில் 200 மில்லிவோல்ட் வீச்சு இருந்தால் போதும். இரண்டு 12 வோல்ட், 21 வாட் வாகன பல்புகளைப் பக்க இணைப்பில் எரியவிட்டால் ஏறத்தாழ 3.5 ஆம்பியர் பாயும். மல்டிமீட்டரின் கம்பிகளை ஷன்டின் உடலை ஒட்டி வைத்தால் ஏறத்தாழ 35 மில்லிவோல்ட் காட்டும். பிறகு இரு பக்கமும் 5 சென்டிமீட்டர் தள்ளி, கம்பியின் மீது வைத்தால் 41 மில்லிவோல்ட் காட்டும். "சார், கரண்ட் கூடிடுச்சா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பல்பின் ஒளி மாறவில்லையே என்று பக்கத்தில் இருந்தவளே பதில் சொன்னாள். மின்னோட்டம் அதேதான். நாம் கம்பியையும் சேர்த்து அளந்துவிட்டோம்.

தீர்வு இதுதான். மின்னோட்டம் பாய இரண்டு தடித்த கம்பிகள். அளப்பதற்குத் தனியாக இரண்டு மெல்லிய கம்பிகள், ஷன்டின் உடலை ஒட்டியே பற்றவைத்தவை. அளக்கும் கம்பிகளில் சில பத்து மைக்ரோ ஆம்பியர் மட்டுமே பாய்வதால் அவற்றின் நீளம் அளவைப் பாதிக்காது. பெரிய ஷன்டுகளில் இரண்டு பெரிய போல்ட்டுகளும் இரண்டு சிறிய திருகுகளும் இருப்பது இதற்காகவே.

எத்தனை மடங்கு பெருக்குவது?

5 ஆம்பியருக்கு ஷன்டில் கிடைப்பது 50 மில்லிவோல்ட். அர்டுயினோ யூனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். நேரடியாக இணைத்தால் மொத்தம் பத்துப் படிகளே கிடைக்கும். அரை ஆம்பியர் வித்தியாசம்தான் தெரியும்.

எளிதில் கிடைக்கும் LM358 பெருக்கியைப் பயன்படுத்தினோம். 5 வோல்ட்டில் இயக்கினாலும் அதன் வெளியீடு ஏறத்தாழ 3.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. எனவே 5 ஆம்பியருக்கு அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி பெருக்கத்தை அமைத்தோம். 1 கிலோ ஓம், 56 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டிரண்டு கொண்ட வேறுபாட்டுப் பெருக்கி 56 மடங்கு பெருக்கும். 5 ஆம்பியருக்கு 2.8 வோல்ட், ஆம்பியருக்கு 0.56 வோல்ட். இப்போது ஒரு படி 9 மில்லி ஆம்பியருக்கும் குறைவு.

இந்த அமைப்பில் 6.25 ஆம்பியருக்கு மேல் அளக்க முடியாது. சக்கரத்தைப் பிடித்தபோது எண் ஒரே இடத்தில் அசையாமல் நின்றது அதனால்தான். 15 ஆம்பியரையும் அளக்க வேண்டுமானால் பெருக்கத்தை 20 ஆகக் குறைக்கலாம். அப்போது சிறு மின்னோட்டங்களின் நுட்பம் குறையும்.

கடைசியாக ஒன்று. LM358இன் உள்ளீட்டில் சில மில்லிவோல்ட் விலகல் இயல்பாகவே இருக்கும். 3 மில்லிவோல்ட் விலகல் நமது ஷன்டில் 0.3 ஆம்பியருக்குச் சமம். மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தால் பூஜ்ஜியத்துக்குப் பதில் 0.3 வரும். அதைக் குறித்துக்கொண்டு ஒவ்வொரு அளவிலும் கழிக்கலாம். ஆனால் விலகல் எதிர்த்திசையில் இருந்தால் வெளியீடு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்க முடியாமல் நின்றுவிடும். நிறுத்திய நிலையில் எல்லாம் சரியாகவே தோன்றும். ஆகவே பூஜ்ஜியத்தை மட்டும் பார்க்காமல், மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் வீச்சைத் தொடரில் இணைத்து 1 ஆம்பியரிலும் 4 ஆம்பியரிலும் ஒப்பிடச் செய்யுங்கள். இரண்டு இடங்களிலும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் அது பெருக்கியின் விலகல். மின்னோட்டத்தோடு வித்தியாசமும் வளர்ந்தால், அளக்கும் கம்பிகள் ஷன்டைத் தொடும் இடத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.