பக்கத்து சீட்டில் ஒருவர் திணறும்போது

அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் சேர்ந்திருக்கிறாய். 20-ஆம் தேதிக்குள் GSTR-3B போட வேண்டும் என்பதால், 17, 18 வாக்கில் யாராவது திரையை வெறித்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாய். உடனே எழுந்து போய்விடாதே. யோசிக்கிறவரும் அசையாமல்தான் இருப்பார். சிக்கிக்கொண்டவரைக் கை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு எக்ஸெல் ஷீட்டுக்கும் மாறி மாறிப் போவார், போட்ட ஃபார்முலாவையே அழித்து மறுபடி போடுவார், டீ ஆறிக் கிடக்கும். பத்து நிமிஷம் இப்படியே போனால் நீ எழுந்திருக்கலாம்.

பின்பக்கமாகப் போகாதே. முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் யாருக்கும் கை ஓடாது. பக்கவாட்டில், அவர் கண்ணில் படுகிற மாதிரி போய் நில். "இன்னும் முடியலையா?" என்று மட்டும் கேட்டுவிடாதே, மேனேஜர் காதில் அது புகாராக விழும். தாழ்ந்த குரலில், "அண்ணே, 2பி டேலி பண்றீங்களா? கூட உட்கார்ந்து பார்க்கணும்னா சொல்லுங்க, நாலு மணி வரைக்கும் எனக்கு அவசர வேலை இல்ல" என்று சொல். நேரத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்கத் தயங்க மாட்டார். "வேணாம்மா" என்றால், "சரிண்ணே" என்று உன் சீட்டுக்கு வந்துவிடு. அங்கிருந்து எட்டி எட்டிப் பார்க்காதே.

"VLOOKUP போட்டா எல்லா வரியிலயும் #N/A வருதும்மா" என்றால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார். மவுஸ் அவர் கையிலேயே இருக்கட்டும். இரண்டு ஷீட்டிலும் இருக்கிற ஒரே ஒரு பில்லை எடுக்கச் சொல். நம்ம பர்ச்சேஸ் ரெஜிஸ்டரில் 127 எண்ணாக இருக்கும், போர்ட்டலில் இறக்கியதில் அதுவே டெக்ஸ்டாக இருக்கும். இல்லாவிட்டால் நம்பருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், எக்ஸெலுக்கு வேறு வேறு. "கடைசியில ஸ்பேஸ் இருக்கா பாருங்கண்ணே" என்று கேள். அவரே பார்த்து, இரண்டு ஷீட்டின் பில் நம்பருக்கும் அவரே TRIM போடட்டும்.

அந்த ஒரு வரி சேர்ந்ததும் எழுந்துவிடு. மீதி வரிகளை அவர் இழுத்துவிட்டுக்கொள்வார். நீ உட்கார்ந்தே இருந்தால், உனக்காக அவசரப்பட்டு அடுத்த தப்பைச் செய்வார்.

அதற்குப் பிறகும் சில பில்கள் சேராமல் நிற்கும். சப்ளையர் GSTR-1-இல் ஏற்றாத பில் 2பி-யில் வராது. எந்த ஃபார்முலாவும் அதைக் கொண்டுவராது. சப்ளையருக்குப் போன்தான் போட வேண்டும். அரை மணி கழித்து ஒரே ஒரு முறை போய், "சேராத பில்லுல பாதிப் பேருக்கு நான் போன் போடட்டுமாண்ணே?" என்று கேள். அவர் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வா. யார் என்ன சொன்னார்கள் என்று பில் நம்பரோடு எழுதி அவரிடமே கொடு. மேனேஜரிடம் அவரே சொல்லிக்கொள்ளட்டும்.