அகலப் பாதம், மூட்டுவலி, குதிகால் வலி: அன்றாடச் செருப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாரிட் புந்தாரில் நம் வீட்டுப் பெரியவர்களின் காலில் பெரும்பாலும் கிடப்பது விரலிடுக்கில் வார் போட்ட ரப்பர் சிலிப்பர்தான். மழையில் நனைந்தாலும் கெடாது, கோவில் வாசலில் கழற்றுவதும் சுலபம். ஆனால் அது காலைப் பிடித்துக்கொள்வதில்லை. கால்தான் விரல்களை மடக்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. வலி இருக்கிற காலுக்கு ஒவ்வோர் அடியிலும் இது கூடுதல் வேலை.

1. வலி எங்கே என்று முதலில் பாருங்கள்

காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலின் அடியில் குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால், பெரும்பாலும் உள்ளங்காலை இழுத்துப் பிடித்திருக்கும் சவ்வுதான் நோகிறது. கட்டைவிரலின் அடிமூட்டு விறைத்து, அடியெடுக்கும்போது மடங்க மறுத்தால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே செருப்பு பொருந்தாது.

2. காலை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்

மாலையில் அளங்கள், அப்போதுதான் கால் சற்று உப்பியிருக்கும். தாளின் மேல் நேராக நிற்க வேண்டும், வேறொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைய வேண்டும். குனிந்து நாமே வரைந்தால் பாரம் மாறி அளவு தப்பிவிடும். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, ஓர் அம்மாவின் பாதம் 23.5 செ.மீ. நீளம், விரல்களுக்குக் கீழே அகலமான இடத்தில் 10 செ.மீ. விரல் நுனிக்கு முன்னால் 1 செ.மீ. இடம் வேண்டும் என்பதால் உள்நீளம் 24.5 செ.மீ. தேவை. ஐரோப்பிய அளவு 37-இன் உள்நீளம் ஏறக்குறைய அதுதான். ஆனால் சாதாரண 37 அவருக்குப் பக்கவாட்டில் இறுக்கும். உடனே கடைக்காரர் 39-ஐ நீட்டுவார். அதன் உள்நீளம் ஏறக்குறைய 26 செ.மீ. அகலம் சரியாகும், ஆனால் முன்னால் இரண்டரை செ.மீ. வெற்றிடம். செருப்பு மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் விலகிப்போகும், குதிகால் உள்ளே வழுக்கும். அகலப் பாதத்துக்கு நீளத்தைக் கூட்டுவதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. இவர் கேட்க வேண்டியது அகலமான 37. சப்பாத்துப் பெட்டியில் 2E, 4E என்று இருந்தால் அது அகலக் குறியீடு, 4E இன்னும் அகலம். குறியீடு இல்லையென்றால் உள்ளட்டையை வெளியே எடுத்து அதன்மேல் நின்று பாருங்கள். பாதம் ஓரங்களில் வழிந்தால் அது உங்களுக்கு ஆகாது.

3. கையால் மூன்று சோதனை

பின்பக்கம் மூடிய சப்பாத்தாக இருந்தால், குதிகாலைச் சுற்றியிருக்கும் சுவரை இரு விரலால் அமுக்குங்கள். சப்பென்று படியக்கூடாது. அடுத்து முனையையும் குதிகாலையும் பிடித்து மடக்குங்கள். விரல்களின் அடியில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கள். கடைசியாகத் துணி பிழிவதுபோல் முறுக்குங்கள், இலேசாகத் திரும்பினால் போதும். பசார் மாலாமில் அள்ளிக் குவித்திருக்கும் மெல்லிய செருப்புகளில் பல இரண்டாவது சோதனையிலேயே தோற்றுவிடும்.

4. வலிக்கேற்ற அம்சம்

குதிகால் வலிக்கு, முன்பக்கத்தைவிடக் குதிகால் 1 முதல் 2 செ.மீ. உயர்ந்து, அடியில் மெத்தென்று இருக்க வேண்டும். முழுத் தட்டையான செருப்பு அந்தச் சவ்வை அதிகம் இழுக்கும். கட்டைவிரல் மூட்டுக்கு நேர்மாறு: அடிப்பாகம் முன்னால் மடங்காத அளவு கெட்டியாகவும், முனை சற்று மேல்நோக்கி வளைந்தும் இருந்தால், மூட்டு மடங்காமலேயே கால் உருண்டு முன்னே போகும். இங்கு மட்டும் மடங்கும் சோதனையை விட்டுவிடுங்கள். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு, தட்டையான வளையும் சப்பாத்தைவிடத் தாங்கிப் பிடிக்கும் உறுதியான சப்பாத்தே வலியை அதிகம் குறைத்ததாக மெல்பர்ன் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

கை விரல்களும் வீங்கியிருந்தால் கயிறு வேண்டாம், பக்கிள் வேண்டாம். ஒட்டும் பட்டை போதும். நாளுக்குப் பலமுறை வாசலில் கழற்றும் நம் வழக்கத்துக்கும், நம்மூர் மழைக்கும், பின்வாருடன் மூன்று ஒட்டுப்பட்டைகள் வைத்த சேண்டல்தான் என் முதல் தேர்வு. காலையும் மாலையும் மாறும் வீக்கத்துக்கேற்ப தளர்த்தவும் இறுக்கவும் முடியும்.

5. வீட்டுக்குள்ளும் ஒரு சோடி

நல்ல சேண்டல் வாங்கியும் குதிகால் வலி போகவில்லை என்பவர்கள், நாள் முழுக்க மொசைக் தரையில் வெறுங்காலோடு சமைப்பவர்களாக இருப்பார்கள். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு சுத்தமான சோடி வைத்துக்கொள்ளுங்கள், பூசை அறைக்கு வெளியே கழற்றினால் போதும். காலையில் அந்த முதல் அடிக்கு அது கட்டிலருகிலேயே இருக்கட்டும்.

6. சர்க்கரை நோய் இருந்தால்

உணர்ச்சி மங்கிய கால், இறுக்கத்தைச் சொல்லாது. "வசதியா இருக்கு" என்ற பதிலை நம்பாமல் தாளில் வரைந்த அளவை நம்புங்கள். விரலிடுக்கு வார் வேண்டவே வேண்டாம். போடுமுன் உள்ளே கல் கிடக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் வீட்டில் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால், அடிப்பாகம் அழுக்காகும் முன்பே கடையில் மாற்றிவிடுங்கள்.

ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து சூடாக வீங்கினாலோ, படுத்திருக்கும்போதும் குதிகால் வலித்தாலோ, பாதம் மரத்துப்போனாலோ, காலில் புண் ஆறாமல் இருந்தாலோ, செருப்புக் கடையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள்.